மணலில் ஓடி, நீரில் நீந்தி: குறைந்த நேரப் பாதை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் முழுவதும் ஒரே கணக்கையே எடுத்துக்கொள்கிறோம். ஓர் உயிர்காப்பாளர் மணலில், நீர்விளிம்பிலிருந்து 40 மீட்டர் உள்ளே நிற்கிறார். நீரில் தத்தளிப்பவர் விளிம்பிலிருந்து 30 மீட்டர் கடலுக்குள் இருக்கிறார். இருவருக்கும் இடையே கரையோரமாக அளந்தால் 70 மீட்டர். உயிர்காப்பாளர் மணலில் வினாடிக்கு 5 மீட்டர் ஓடுவார், நீரில் வினாடிக்கு 1.25 மீட்டர் நீந்துவார். நீர்விளிம்பை ஒரு நேர்கோடாகவும், இரு வேகங்களையும் மாறாதவையாகவும் கொள்கிறோம்.

நேர்கோடுதானே மிகக் குறுகிய வழி? அதிலேயே போனால் ஏன் முதலில் போய்ச் சேர முடியாது?

வேகம் எங்கும் ஒன்றாக இருந்தால் மட்டுமே மிகக் குறுகிய வழி மிக விரைவான வழியாகவும் இருக்கும். இங்கே நீரில் கடக்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் மணலில் கடக்கும் மீட்டரைப் போல நான்கு மடங்கு நேரம் ஆகிறது. ஆகவே மணலில் சற்றுக் கூடுதலாக ஓடினாலும், அதனால் நீந்தும் தொலைவு குறையுமானால் அது இலாபமே.

எண்களில் பார்ப்போம். நேர்கோட்டில் சென்றால் மணலில் 56.6 மீட்டரும் நீரில் 42.4 மீட்டருமாக மொத்தம் 99 மீட்டர், நேரம் 45.3 வினாடி. கீழே நாம் காணப்போகும் சிறந்த பாதை 105.7 மீட்டர் நீளமுடையது, ஆனால் அதற்கு 39.6 வினாடியே ஆகிறது. அப்பாதையில் அவர் மணலில் 18.5 மீட்டர் கூடுதலாக ஓடி 3.7 வினாடியை இழக்கிறார், நீரில் 11.7 மீட்டரை மிச்சப்படுத்தி 9.4 வினாடியைப் பெறுகிறார்.

இதை நுண்கணிதக் கணக்காக எப்படி அமைப்பது?

ஒரே தரைக்குள் வேகம் மாறாததால், மணலுக்குள் அவர் செல்லும் பகுதியும் நீருக்குள் செல்லும் பகுதியும் தனித்தனியே நேர்கோடுகளாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே தீர்மானிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: நீர்விளிம்பை எந்தப் புள்ளியில் கடப்பது என்பது. உயிர்காப்பாளருக்கு நேர் எதிரே நீர்விளிம்பில் உள்ள புள்ளியிலிருந்து, கடக்கும் புள்ளி வரை உள்ள தொலைவை x என்று கொண்டால், பிதாகரஸ் தேற்றத்தின்படி மொத்த நேரம் இது:

```
T(x) = √(x² + 40²)/5 + √((70 − x)² + 30²)/1.25
```

முதல் உறுப்பு ஓடும் நேரம், இரண்டாம் உறுப்பு நீந்தும் நேரம். x பூச்சியத்துக்கும் 70-க்கும் இடையில் இருந்தால் போதும். அதற்கு வெளியே போனால் இரண்டு தொலைவுகளுமே ஒருசேரக் கூடும் என்பதால் அங்கே தேடுவதில் பயனில்லை.

வகையிட்டால் கிடைப்பதற்கு என்ன பொருள்? சமன்பாடு வருகிறது, ஆனால் அது எதைச் சொல்கிறது என்று புரியவில்லை.

வகைக்கெழு இது:

```
T'(x) = x / (5·√(x² + 40²)) − (70 − x) / (1.25·√((70 − x)² + 30²))
```

நீர்விளிம்புக்குச் செங்குத்தாக ஒரு கோடு வரைந்து, மணல்வழிப் பாதை அதனுடன் உண்டாக்கும் கோணத்தை θ₁ என்றும், நீர்வழிப் பாதை உண்டாக்கும் கோணத்தை θ₂ என்றும் கொள்ளுங்கள். அப்போது x-ஐ ஓடும் தொலைவால் வகுத்தால் கிடைப்பது sin θ₁; (70 − x)-ஐ நீந்தும் தொலைவால் வகுத்தால் கிடைப்பது sin θ₂. ஆகவே வகைக்கெழுவைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தும்போது கிடைப்பது:

```
sin θ₁ / 5 = sin θ₂ / 1.25
```

இதை ஒரு மீட்டர் கணக்காகப் படித்துப் பார்த்தால் தெளிவாகும். கடக்கும் புள்ளியை விளிம்போரமாக ஒரு மீட்டர் தள்ளி வைத்தால், ஓடும் தொலைவு ஏறத்தாழ sin θ₁ மீட்டர் கூடுகிறது. நீந்தும் தொலைவு ஏறத்தாழ sin θ₂ மீட்டர் குறைகிறது. அவற்றை அந்தந்த வேகத்தால் வகுத்தால், இழக்கும் வினாடியும் பெறும் வினாடியும் கிடைக்கின்றன. பெறுவது இழப்பதைவிட அதிகமாக இருக்கும் வரை புள்ளியைத் தள்ளிக்கொண்டே போகலாம். இரண்டும் சமமாகும் இடத்தில் நின்றுவிட வேண்டும். நம் கணக்கில் அந்த இடத்தில் ஒரு மீட்டருக்கு இழப்பும் 0.169 வினாடி, வரவும் 0.169 வினாடி. நேர்கோட்டுப் பாதையின் புள்ளியாகிய x = 40-இல் இரு சைன்களும் சமம்; ஆனால் நீரின் வேகம் நான்கில் ஒரு பங்கு என்பதால் அங்கே வரவு இழப்பைப் போல நான்கு மடங்காக இருக்கிறது. நேர்கோட்டில் நின்றுவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நேரடியான காரணம் தேவையில்லை.

சமன்பாட்டைத் தீர்த்து x-ஐ எப்படிக் கண்டுபிடிப்பது? இருபுறமும் வர்க்கப்படுத்தினால் நாற்படிச் சமன்பாடு வந்து நிற்கிறது.

ஆம், வர்க்கமூலங்களை நீக்கினால் நான்காம் படிச் சமன்பாடுதான் வரும். அதற்கு வாய்பாடு இருக்கிறது என்றாலும் கையால் செய்வதற்கு அது ஏற்றதல்ல. தவிர, வர்க்கப்படுத்தும்போது குறியைப் பற்றிய செய்தி அழிந்துவிடுவதால், கணக்குக்குப் பொருந்தாத மூலங்களும் உள்ளே வந்துவிடக்கூடும். கிடைக்கும் ஒவ்வொரு மூலத்தையும் தொடக்கச் சமன்பாட்டில் இட்டுப் பார்த்த பிறகே ஏற்க வேண்டும்.

என் பார்வையில், கோணங்களை வைத்துத் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டு போவதே நல்ல வழி. முதலில் ஒரு x-ஐ ஊகித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து sin θ₁ கிடைக்கும். அதை நான்கால் வகுத்தால் sin θ₂. அதிலிருந்து tan θ₂-ஐக் கண்டு 30-ஆல் பெருக்கினால், நீருக்குள் கரையோரத் திசையில் கடக்கும் தொலைவு வரும். அதை 70-இலிருந்து கழித்தால் புதிய x.

எளிய ஊகமாக x = 70 என்று தொடங்குவோம். ஓடும் தொலைவு 80.62; sin θ₁ = 0.8682; நான்கில் ஒரு பங்கு 0.2171; tan θ₂ = 0.2224, அதை 30-ஆல் பெருக்கினால் 6.671. ஆகவே புதிய x = 63.329. இதே வேலையை மேலும் இருமுறை செய்தால்:

```
70.000 → 63.329 → 63.512 → 63.507
```

மூன்றே சுற்றில் சென்டிமீட்டர் வரை நிலைத்துவிட்டது. வேகமாக நிலைப்பதற்குக் காரணம் நீரில் வேகம் மிகக் குறைவாக இருப்பதுதான்: x-இல் இருக்கும் பிழை sin θ₁-ஐச் சிறிதளவே மாற்றுகிறது, அந்தச் சிறு மாற்றமும் நான்கால் வகுபடுகிறது. இரு வேகங்களும் ஏறத்தாழச் சமமாக இருக்கும் கணக்குகளில் இம்முறை மெதுவாகலாம்; அப்போது நேரத்தின் வகைக்கெழு குறை எண்ணிலிருந்து மிகை எண்ணாக மாறும் இடத்தை இடைவெளியைப் பாதிப் பாதியாகக் குறைத்துத் தேடுவது பாதுகாப்பானது.

விடை: x ≈ 63.5 மீட்டர், θ₁ ≈ 57.8°, θ₂ ≈ 12.2°, T ≈ 39.57 வினாடி.

அது பெருமம் அல்ல, சிறுமம்தான் என்பதற்கு என்ன உறுதி?

இரண்டாம் வகைக்கெழுவை எடுத்தால் இரண்டு உறுப்புகள் வருகின்றன:

```
T''(x) = 40² / (5·(x² + 40²)^(3/2)) + 30² / (1.25·((70 − x)² + 30²)^(3/2))
```

இரண்டுமே x-இன் எந்த மதிப்புக்கும் மிகை எண்கள். ஆகவே T-இன் வரைபடம் முழுவதும் மேல்நோக்கித் திறந்த கிண்ண வடிவில் இருக்கிறது. அதற்கு ஒரே ஓர் அடிப்புள்ளிதான் இருக்க முடியும். வேறு எங்கோ இதைவிடச் சிறந்த விடை ஒளிந்திருக்குமோ என்று ஐயப்பட வேண்டியதில்லை.

ஆபத்து நேரத்தில் யார் சைன் கணக்குப் போடுவார்கள்? சில மீட்டர் தவறினால் என்ன ஆகும்?

ஏறத்தாழ ஒன்றும் ஆகாது. இந்தக் கணக்கில் பலரும் கவனிக்காமல் விடும் செய்தி இதுதான் என்பதால் இங்கே சற்று நிற்கலாம்.

| கடக்கும் புள்ளி x (மீ) | மொத்த நேரம் (வி) |
|---|---|
| 40 (நேர்கோடு) | 45.25 |
| 50 | 41.65 |
| 60 | 39.72 |
| 63.5 (சிறந்தது) | 39.57 |
| 67 | 39.73 |
| 70 (நேர் எதிரே) | 40.12 |

சிறந்த புள்ளியிலிருந்து மூன்றரை மீட்டர் இப்படியோ அப்படியோ தவறினாலும் இழப்பு ஒரு வினாடியில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. ஆனால் நேர்கோட்டுக்கு அருகில், x = 40-இலிருந்து 50-க்குப் போகும்போது, அந்தப் பத்து மீட்டருக்கு 3.6 வினாடி மிச்சமாகிறது. அடிப்புள்ளியில் முதல் வகைக்கெழு பூச்சியம் என்பதால், அங்கிருந்து δ மீட்டர் விலகினால் ஏற்படும் இழப்பு δ-க்கு விகிதமாக அல்லாமல் δ²-க்கு விகிதமாக வருகிறது. நம் எண்களில் T'' ஏறத்தாழ 0.0257, அதில் பாதியை 3.5-இன் வர்க்கத்தால் பெருக்கினால் 0.157 வினாடி வருகிறது. அட்டவணையும் அதையே காட்டுகிறது.

வேகத்தைத் தவறாக மதிப்பிட்டாலும் நிலை அதுவே. நீந்தும் வேகம் ஓடும் வேகத்தில் நான்கில் ஒரு பங்கு அல்ல, மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டு மீண்டும் கணக்கிட்டால் சிறந்த புள்ளி 61.3-க்கு நகர்கிறது, இரண்டு மீட்டர் சொச்ச வேறுபாடுதான்.

தத்தளிப்பவருக்கு நேர் எதிரே வரை ஓடிவிட்டு நீரில் இறங்குவது எப்போதுமே சற்று அதிகப்படியானது. அந்தப் புள்ளியில் θ₂ பூச்சியம் என்பதால், கடைசி மீட்டர் ஓட்டத்தால் நீந்தும் தொலைவில் எதுவும் மிச்சமாவதில்லை, ஓடும் நேரம் மட்டும் கூடுகிறது. ஆனாலும் இங்கே அதன் விலை அரை வினாடிக்குச் சற்று மேல் மட்டுமே. நேர்கோட்டில் பாய்வதற்கும் இதற்கும் இடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், தயங்காமல் இதையே தேர்ந்தெடுக்கலாம்.

இது ஒளிவிலகல் விதி போலவே இருக்கிறதே, தற்செயலா?

தற்செயல் அல்ல. ஒளிவிலகலுக்கான ஸ்நெல் விதியும் sin θ₁ / v₁ = sin θ₂ / v₂ என்பதுதான்; அங்கே v₁, v₂ என்பவை இரு ஊடகங்களில் ஒளியின் வேகங்கள். வெற்றிடத்தில் ஒளியின் வேகத்தை ஊடகத்தில் அதன் வேகத்தால் வகுத்தால் ஒளிவிலகல் எண் வரும். நீருக்கு அது ஏறத்தாழ 1.33. நம் கடற்கரையை ஒளியின் மொழியில் சொன்னால், மணலைப் பொறுத்து நீரின் விலகல் எண் 4. அவ்வளவு விலகல் எண் உடைய கண்ணாடி கண்ணில் படும் ஒளிக்கு இல்லை என்பதால்தான், நம் பாதையின் மடிப்பு நீர்த்தொட்டியில் பார்க்கும் மடிப்பைவிட மிகக் கூர்மையாக இருக்கிறது.

வரலாற்றில் ஒளிதான் முன்னே வந்தது. சைன் விதியை 1637-இல் டெகார்த் அச்சில் வெளியிட்டார். ஆனால் அடர்ந்த ஊடகத்தில் ஒளி விரைவாகச் செல்கிறது என்ற எண்ணத்தின் மேல் அதை நிறுவினார். ஃபெர்மா அதை ஏற்கவில்லை. அடர்ந்த ஊடகத்தில் ஒளி மெதுவாகச் செல்கிறது என்றும், இரு புள்ளிகளுக்கிடையே குறைந்த நேரப் பாதையை எடுக்கிறது என்றும் கொண்டு, அவர் 1662-இல் கணக்கிட்டுப் பார்த்தார். வகைநுண்கணிதம் அப்போது பிறக்கவில்லை. பெருமம், சிறுமம் காண்பதற்கு அவரே வகுத்திருந்த முறையால் செய்தார். எதிரான கொள்கையிலிருந்து தொடங்கியும் டெகார்த்தின் அதே சைன் விகிதம்தான் அவருக்கும் வந்தது. விகிதம் மாறிலி என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர். அந்த மாறிலி v₁/v₂-ஆ, v₂/v₁-ஆ என்பதில் மட்டுமே வேறுபட்டனர். கோணங்களை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. வேகத்தை அளந்தால்தான் தீரும். நீரில் ஒளி காற்றிலிருப்பதைவிட மெதுவாகச் செல்கிறது என்று ஃபூக்கோ சோதனையில் காட்டியது 1850-இல்.

இடையில் லைப்னிட்ஸ் 1684-இல் தம் வகைநுண்கணிதத்தை வெளியிட்டபோது, அதன் ஆற்றலைக் காட்ட ஒளிவிலகலையே சில வரிகளில் தீர்த்துக் காட்டினார். 1696-இல் வந்த லோபிதாலின் பாடநூலில், வெவ்வேறு தன்மையுள்ள இரு வெளிகளைக் கடக்க வேண்டிய ஒரு பயணியின் கணக்காக இது வருகிறது. நாம் இப்போது உயிர்காப்பாளரை வைத்துச் செய்வது அந்தப் பயணியின் கணக்கைத்தான்.

ஆய்வகத்தில் ஸ்நெல் விதி ஒரே வரியில் முடிகிறது. இங்கே மட்டும் ஏன் இவ்வளவு பாடு?

கேள்வி வேறு என்பதால். ஆய்வகத்தில் ஒளிக்கற்றை எந்தக் கோணத்தில் நீர்ப்பரப்பில் படுகிறது என்பது முன்பே தெரியும். θ₁-ஐக் கொடுத்து θ₂-ஐக் கேட்கிறோம். ஒரு வகுத்தலில் விடை வந்துவிடும். உயிர்காப்பாளருக்குத் தெரிந்தவை இரண்டு முனைகள் மட்டுமே. எந்தக் கோணத்தில் புறப்பட வேண்டும் என்பதே அவருடைய கேள்வி. விளக்கிலிருந்து நீருக்கடியில் உள்ள ஒரு குறிப்பிட்ட நாணயத்தைப் போய்த் தொடும் கதிர் எது என்று கேட்டால், ஒளியிலும் அதே நாற்படிச் சமன்பாடுதான் வந்து நிற்கும்.

உயிர்காப்பாளராவது யோசிக்கிறார். போய்ச் சேர வேண்டிய இடம் ஒளிக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும்?

ஃபெர்மாவிடம் அவர் காலத்திலேயே இந்தக் கேள்வி கேட்கப்பட்டது. டெகார்த்தின் வழி வந்த கிளெர்செலியே 1662-இல் எழுதிய கடிதத்தில், இயற்கை இப்படித் தேர்ந்தெடுத்துச் செயல்படுவதாகக் கொள்வது இயற்பியல் காரணம் ஆகாது என்று மறுத்தார். அந்த மறுப்பு நியாயமானது. அதற்குச் சரியான பதில் ஒளியை அலையாகக் கண்ட பிறகே கிடைத்தது.

ஒளி ஒரு பாதையைத் தேர்ந்தெடுப்பதில்லை. அலை எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. நீர்ப்பரப்பின் எல்லாப் புள்ளிகள் வழியாகவும் அது நாணயத்தை அடைகிறது. ஆனால் வெவ்வேறு வழிகளில் வருபவை வெவ்வேறு நேரத்தில் வருகின்றன. முகடு வந்து சேரும் நேரத்தில் வேறொரு வழியில் பள்ளம் வந்து சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். அழியாமல் எஞ்சுவது, பக்கத்துப் பக்கத்துப் பாதைகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து சேரும் இடத்தில் மட்டுமே. அப்படிப்பட்ட இடம் எது என்பதை மேலே உள்ள அட்டவணையே சொல்லிவிட்டது: அடிப்புள்ளியைச் சுற்றித்தான் நேரம் மாறாமல் தட்டையாக இருக்கிறது. உயிர்காப்பாளரின் பிழையை மன்னிக்கும் அதே தட்டைத்தன்மைதான் ஒளிக்கதிர் என்ற ஒன்றையே உண்டாக்குகிறது.

அளவும் பார்க்கலாம். விளக்கு நீர்ப்பரப்புக்கு ஒரு மீட்டர் மேலே, நாணயம் அதற்கு நேர் கீழே ஒரு மீட்டர் ஆழத்தில். ஒளியின் அலைநீளம் 500 நானோமீட்டர் என்று கொள்வோம். சிறந்த பாதை நேர் செங்குத்து. கடக்கும் புள்ளியை அதிலிருந்து ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தள்ளினால்தான் அரை அலைநீள அளவுக்குப் பின்தங்கல் வருகிறது. ஆகவே அந்த அரை மில்லிமீட்டருக்குள் உள்ள பாதைகள் எல்லாம் ஒன்றுக்கொன்று துணை நிற்கின்றன. அதுவே 5 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு புள்ளியில், வெறும் 2 மைக்ரோமீட்டர் நகர்ந்தாலே அரை அலைநீளம் மாறிவிடுகிறது. அங்கே முகடும் பள்ளமும் அடுத்தடுத்து நெருங்கி வந்து ஒன்றையொன்று தீர்த்துவிடுகின்றன.

அப்படியானால் ஒளி எப்போதும் குறைந்த நேரப் பாதையில்தான் செல்லுமா?

இல்லை. தேவையானது முதல் வகைக்கெழு பூச்சியமாக இருப்பது மட்டுமே. தட்டையான எல்லைக்கு அது சிறுமமாகவே அமைகிறது என்பதை இரண்டாம் வகைக்கெழு காட்டியது. ஆனால் போதுமான அளவு வளைந்த குழியாடியில் எதிரொளிக்கும் கதிருக்கு, பக்கத்துப் பாதைகளைவிட அதிக நேரம் ஆவதும் உண்டு. ஆகவே ஃபெர்மாவின் தத்துவத்தை நேரம் நிலைமதிப்பில் இருக்கும் என்றே இன்று எழுதுகிறோம். உயிர்காப்பாளருக்கோ நிலைமதிப்பு போதாது, அவருக்குச் சிறுமமே வேண்டும். ஒப்புமை இந்த இடத்தில் பிரிகிறது.

இருவருமே நீரில் இருந்தால்? கரைக்கு ஏறி ஓடிவிட்டு மீண்டும் இறங்குவது எப்போதாவது பயன் தருமா?

தரும். மெதுவான தரையிலிருந்து விரைவான தரைக்கு வரும்போது sin θ₁ = 4 sin θ₂; சைன் ஒன்றைத் தாண்ட முடியாது என்பதால், θ₂ அதிகபட்சம் 14.5° வரைதான் இருக்கலாம். அந்த மாறுநிலைக் கோணத்தில் கரையை அடைந்தால் θ₁ = 90° ஆகிறது; அதாவது பாதை நீர்விளிம்பை ஒட்டியே செல்கிறது. ஒளியில் இதைத் தாண்டிய கோணங்களில்தான் முழு அக எதிரொளிப்பு நிகழ்கிறது.

இருவரும் கரையிலிருந்து 10 மீட்டர் தொலைவில் நீரில் இருப்பதாகக் கொள்வோம். நேராக நீந்துவதா, 14.5° கோணத்தில் கரைக்கு வந்து, விளிம்பில் ஓடி, அதே கோணத்தில் மீண்டும் இறங்குவதா? இரு நேரங்களையும் சமப்படுத்தினால், எல்லைத் தொலைவு இப்படி வருகிறது:

```
L = 2b·√((v₁ + v₂)/(v₁ − v₂))
```

b = 10 என்றால் L ≈ 25.8 மீட்டர். அதற்குக் குறைவாக இருந்தால் நீந்துவது நல்லது. கூடுதலாக இருந்தால் கரையேறி ஓடுவது நல்லது. கவனிக்க வேண்டியது, இங்கே இரண்டு தனித்தனிச் சிறுமங்கள் இருக்கின்றன. வகையிட்டு ஒன்றைக் கண்டதும் நின்றுவிட்டால் மற்றதைத் தவறவிடுவோம். இரண்டையும் கணக்கிட்டு ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும்.

இதே சூத்திரத்தை நிலநடுக்க அலைகளை ஆய்பவர்கள் அன்றாடம் பயன்படுத்துகிறார்கள். அருகிலுள்ள நிலையங்களுக்கு மேலடுக்கு வழியாக நேராக வரும் அலை முதலில் சேர்கிறது; ஒரு தொலைவுக்கு அப்பால், கீழே உள்ள விரைவான அடுக்கில் இறங்கி அதன் எல்லையை ஒட்டி ஓடி மேலேறும் அலை முந்திக்கொள்கிறது. 1909-இல் சாக்ரெபுக்கு அருகே ஏற்பட்ட நிலநடுக்கப் பதிவுகளில் இப்படி இருவகை வரவுகளைக் கண்டுதான் மொகொரோவிச்சிச், புவியோட்டின் அடிப்பகுதியில் அலைவேகம் சட்டென்று கூடும் எல்லை ஒன்று இருப்பதை அறிந்தார்.

நாய்க்கு நுண்கணிதம் தெரியும் என்று சொல்கிறார்களே, அது உண்மையா?

டிம் பென்னிங்ஸ் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர், மிச்சிகன் ஏரிக்கரையில் தம் எல்விஸ் என்ற நாய் பந்தை எடுக்கச் செல்லும் வழியை அளந்து 2003-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த பேச்சு அது. அங்கே நாய் தொடங்குவது நீர்விளிம்பிலிருந்தே. ஆகவே மணல்வழிக் கோணம் எப்போதும் 90°, நீர்வழிக் கோணம் எப்போதும் மாறுநிலைக் கோணம். நாய் ஓடியது வினாடிக்கு 6.40 மீட்டர், நீந்தியது 0.910 மீட்டர், கணக்கின்படி, பந்து கரையிலிருந்து இருக்கும் தொலைவில் 0.144 பங்கு கரையோரத் தொலைவு மிச்சமிருக்கும்போது அது நீரில் பாய வேண்டும். அளவீடுகளில் பெரும்பாலானவை அந்தக் கோட்டுக்கு அருகிலேயே விழுந்தன.

நாய் நுண்கணிதம் போட்டது என்பதற்கு இது சான்றாகாது. அடிப்புள்ளி தட்டையானது என்பதால், அனுபவத்தால் அதன் பக்கத்தில் வந்து சேர்ந்துவிட்டாலே போதும். மிச்சமிருக்கும் பிழை அளவுகோலுக்குக்கூட எட்டாத நேரம்.

இந்த வகைக் கணக்கில் ஒரு விதிவிலக்கும் உண்டு. நாய்க்கும் பந்துக்கும் இடையே உள்ள கரையோரத் தொலைவு, மேலே சொன்ன மிச்சத் தொலைவைவிடக் குறைவாக இருந்தால், வகைக்கெழு பூச்சியமாகும் புள்ளி எல்லைக்கு வெளியே போய்விடும். அப்போது சிறந்த விடை முனைப்புள்ளியே, அதாவது உடனே நீரில் பாய்வது.

தேர்வில் இந்தக் கணக்கு எங்கே தவறுகிறது?

பெரும்பாலும் கோணத்தில். செங்குத்துக் கோட்டிலிருந்து அளக்காமல் எல்லைக்கோட்டிலிருந்து அளந்தால் சைனுக்குப் பதில் கொசைன் வர வேண்டும். அதைக் கவனிக்காமல் சைனையே எழுதிவிடுவார்கள். அடுத்தது வேக விகிதத்தைத் தலைகீழாக எழுதுவது. இரண்டையும் கண்டுபிடிக்க ஒரே சோதனை போதும்: மெதுவான தரையில் பாதை செங்குத்துக் கோட்டுக்கு அருகில் இருக்க வேண்டும். நீரில் 57.8°, மணலில் 12.2° என்று வந்தால் எங்கோ ஒன்று புரண்டிருக்கிறது.

இன்னொன்று, சைன்களின் விகிதம் 4 என்பதைக் கோணங்களின் விகிதம் 4 என்று எடுத்துக்கொள்வது. நம் விடையில் 57.8-ஐ 12.2-ஆல் வகுத்தால் 4.7 வருகிறது. கோணங்கள் மிகச் சிறியவையாக இருந்தால் மட்டுமே இரண்டும் ஒன்றாகும்.

உண்மையான கடற்கரையில் இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் செல்லுபடியாகும்?

தரைகள் இரண்டு மட்டும் என்பதே முதலில் உடைந்துபோகும். காய்ந்த மணலில் கால் புதையும், விளிம்பருகே ஈர மணல் இறுகி இருப்பதால் அங்கே ஓடுவது எளிது, அதன் பிறகு முழங்காலளவு நீரில் நடந்தும் தாவியும் போகும் பகுதி, அதற்கப்பால்தான் நீச்சல். இவை விளிம்புக்கு இணையான பட்டைகளாக இருக்கும் வரை விதி அப்படியே நீள்கிறது: ஒவ்வொரு எல்லையிலும் அதே வகையிடலைச் செய்தால், sin θ / v என்ற மதிப்பு எல்லாப் பட்டைகளிலும் ஒன்றே என்று வரும். ஈர மணலில் வேகம் கூடுதல் என்பதால் பாதை அங்கே விளிம்போரமாக மேலும் சாயும். ஆழமற்ற நீரில் செங்குத்தை நோக்கித் திரும்பத் தொடங்கும். நீச்சல் பகுதியில் ஏறத்தாழ நேராகவே கடலை நோக்கும்.

நீரோட்டம் இருந்தால் நிலை வேறு. அப்போது நீந்தும் வேகம் திசையைப் பொறுத்து மாறுகிறது. இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாச் சமன்பாடுகளும் வேகம் எத்திசையிலும் ஒன்றே என்று கொண்டவை. தத்தளிப்பவரும் ஓட்டத்தோடு நகர்ந்துகொண்டிருப்பார் என்பதால் சேரும் புள்ளியும் நிலையானது அல்ல. அங்கே T-ஐ மீண்டும் முதலிலிருந்து எழுதி, நீரோட்டத்தின் வேகத்தையும் அதில் சேர்த்து வகையிட வேண்டும். சைன் விதியை அப்படியே கொண்டுபோய்ப் பொருத்தினால், ஓட்டத்தின் வேகம் நீந்தும் வேகத்தை நெருங்க நெருங்க விடை மேலும் மேலும் தவறாகும்.